வெனிலினில் இருந்து ஃபெருலிக் அமிலம்: ஒரு படி தாண்டிப் போன நோவனேகல் வினை

ஆய்வகத்துக்கு ஒப்பீட்டு மாதிரியாகக் கொஞ்சம் ஃபெருலிக் அமிலம் தேவைப்பட்டது. தவிட்டெண்ணெயில் உள்ள ஒரைசனாலை ஆராயும் மாணவி ஒருவர், விலைக்கு வாங்குவதைவிட நாமே செய்துகொள்ளலாமே என்றார். ஒரைசனால் என்பது பெரும்பாலும் ஃபெருலிக் அமிலத்தின் எஸ்டர்களின் கலவை. கையில் வெனிலின் இருந்தது, மலோனிக் அமிலம் இருந்தது, பிரிடினும் பிப்பெரிடினும் இருந்தன. +2 வேதியியல் பாடநூலிலேயே இந்த வினை ஒரு வரியில் வந்துவிடும்: பென்சால்டிஹைடும் மலோனிக் அமிலமும் பிரிடினில் சேர்ந்து சின்னமிக் அமிலம் தரும். பென்சால்டிஹைடுக்குப் பதில் வெனிலின், சின்னமிக் அமிலத்துக்குப் பதில் ஃபெருலிக் அமிலம். காகிதத்தில் வேறு வித்தியாசம் எதுவும் தெரியாது.

முதல் தொகுதிக்கு எடுத்த அளவுகள்: வெனிலின் 15.2 கிராம் (0.1 மோல்), மலோனிக் அமிலம் 22.9 கிராம் (0.22 மோல்), பிரிடின் 50 மி.லி., பிப்பெரிடின் 1 மி.லி. பென்சால்டிஹைடுக்கு எழுதியிருந்த செய்முறைப்படியே இதையும் ரிஃப்ளக்ஸில் வைத்தார்கள். பிரிடின் 115 டிகிரியில் கொதிக்கும். கலவையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு நன்றாகக் குமிழிட்டது. இரண்டு மணி நேரத்தில் குமிழ் நின்றது. குமிழ் நின்றால் வினை முடிந்தது என்று செய்முறை சொல்லியதால் அடுப்பை அணைத்து, குளிரவைத்து, பனிக்கட்டியும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த பீக்கரில் ஊற்றினார்கள்.

கிடைத்தது பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான திடப்பொருள். உலர்த்தியபின் எடை 9.1 கிராம். முழுமையாக மாறியிருந்தால் 19.4 கிராம் வந்திருக்க வேண்டும். உருகுநிலை 120 டிகிரியில் தொடங்கி 150ஐத் தாண்டியும் இழுத்துக்கொண்டே போனது. தூய ஃபெருலிக் அமிலம் 170 டிகிரியை ஒட்டிச் சட்டென்று உருக வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அந்த மாணவி கவனித்துச் சொன்ன ஒன்றுதான் வழி காட்டியது. "சார், வெனிலா வாசனை கொஞ்சம்தான் இருக்கு. கிராம்பு மாதிரி, புகை மாதிரி ஒரு வாசனை தூக்கலா வருது."

அந்த வாசனைக்கு ஒரு பெயர் உண்டு: 4-வினைல்குவாயகால். ஃபெருலிக் அமிலத்திலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு போனால் மிஞ்சுவது அதுதான். கோதுமை பியரில் வரும் கிராம்பு நெடிக்கும் அதுவே காரணம். அங்கே அந்த வேலையை ஈஸ்ட் செய்கிறது. இங்கே செய்தது சூடு.

என்ன நடந்தது என்று பார்க்க வினையின் படிகளை வரிசையாக வைத்துக்கொள்வோம். மலோனிக் அமிலத்தின் நடுவிலுள்ள CH₂ இரண்டு பக்கமும் கார்பனைல் தொகுதிகளால் இழுக்கப்படுகிறது. அதனால் அதன் ஹைட்ரஜனை எடுக்க சோடியம் எத்தாக்சைடு போன்ற வலுவான காரம் வேண்டியதில்லை. சிறிதளவு அமீனே போதும். ஹைடல்பர்கில் எமில் நோவனேகல் 1890களில் காட்டியது இதைத்தான். வலுவான காரம் போட்டால் ஆல்டிஹைடு தன்னோடு தானே வினைபுரிந்தும், கன்னிசாரோ வினைக்கு ஆளாகியும் வீணாகும். வலுக்குறைந்த அமீன் அந்தப் பக்கமே போகாது. மலோனிக் அமிலத்தைப் பிரிடினில் கரைத்துச் செய்யும் முறை ஆஸ்கர் டோப்னருடையது, 1902. வெனிலினையும் மலோனிக் அமிலத்தையும் அமீன் முன்னிலையில் சேர்த்து ஃபெருலிக் அமிலம் தயாரித்தது 1925இல் வெளிவந்தது. அதற்கு வெகுமுன்பே, 1866இல், பெருங்காயத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள்.

பிப்பெரிடின் வெறும் காரமாக மட்டும் இருப்பதில்லை. இரண்டாம் நிலை அமீனான அது ஆல்டிஹைடோடு சேர்ந்து நீர் ஒன்றை விட்டு இமினியம் அயனியாகிறது. சாதாரண கார்பனைலைவிட இந்த இமினியத்தின் கார்பன் எலக்ட்ரான் பசி கூடியது. மலோனிக் அமிலத்தின் கார்பன் அதைத்தான் தாக்குகிறது. பிறகு பிப்பெரிடின் கழன்று வெளியேற, இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. ஆல்டிஹைடின் மோல் அளவில் பத்தில் ஒரு பங்கு போட்டாலே வேலை நடப்பது இப்படி மீண்டும் மீண்டும் திரும்பி வருவதால்தான். பிரிடினை மட்டும் வைத்துச் செய்தாலும் வினை நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். பழைய பிப்பெரிடின் புட்டியின் வாயில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்த உப்பு. அந்தப் புட்டியை நம்பி அளவெடுக்கக் கூடாது.

இப்போது உருவாகியிருப்பது ஒரே கார்பனில் இரண்டு கார்பாக்சில் தொகுதிகள் தொங்கும் இருஅமிலம். அதிலிருந்து முதல் கார்பன் டை ஆக்சைடு போனால் ஃபெருலிக் அமிலம். நமக்கு வேண்டியது இந்த இடத்தோடு நிற்பது. இரண்டாவது கார்பன் டை ஆக்சைடும் போனால் வினைல்குவாயகால். ஆக ஒரே குடுவையில் இருஅமிலம், ஃபெருலிக் அமிலம், வினைல்குவாயகால் என்று மூன்று நிறுத்தங்கள் வரிசையாக இருக்கின்றன. எதில் இறங்குவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பநிலை.

பென்சால்டிஹைடில் இந்தத் தொல்லை ஏன் வருவதில்லை? சின்னமிக் அமிலத்தை அதே பிரிடினில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அது அசையாது. வித்தியாசம் வளையத்தில் இரட்டைப் பிணைப்புக்கு நேரெதிரே, பாரா இடத்தில், உள்ள OH தொகுதிதான். அந்த OH தன் எலக்ட்ரான்களை வளையம் வழியாகத் தள்ளிவிடும்போது, கார்பாக்சிலுக்கு அடுத்த கார்பன் ஒரு புரோட்டானை எளிதாக வாங்கிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் வளையம் குயினோன் மெத்தைடு அமைப்புக்குப் போய்விடும். அந்த அமைப்பு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு மறுபடி அரோமாட்டிக் வளையமாகத் திரும்புகிறது. OH இல்லாவிட்டால் இந்தப் பாதை இல்லை.

அதே OH இன்னொரு தீங்கும் செய்கிறது, அது பலர் கண்ணில் படுவதில்லை. வெனிலின் சாதாரண ஃபீனால் அல்ல. எதிரே ஆல்டிஹைடு இருப்பதால் அதன் அமில வலு கூடி, பி.கே.ஏ. 7.4 அளவுக்கு இறங்கியிருக்கிறது. அமீன் இருக்கும் கரைசலில் அதில் ஒரு பங்கு ஃபீனாக்சைடாக இருக்கும். ஃபீனாக்சைடின் எதிர்மின்சுமை வளையம் வழியாக ஆல்டிஹைடு வரை பரவுவதால், அந்த ஆல்டிஹைடு தாக்குதலுக்கு மந்தமாகிவிடுகிறது. ஆகவே வெனிலினில் முதல் படி மெதுவாகவும், நமக்கு வேண்டாத கடைசிப் படி வேகமாகவும் நடக்கிறது. பென்சால்டிஹைடின் செய்முறையை அப்படியே எடுத்து வைத்தால் இரண்டு பக்கமும் அடி.

இது ஊகமா உண்மையா என்று பார்க்க முதல் தொகுதியை விடாமல் கணக்குப் பார்த்தோம். தோல்வியடைந்த குடுவையை உடனே கழுவிவிடும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, வீணாகப் போன தொகுதியில்தான் தகவல் இருக்கிறது. 9.1 கிராம் திடப்பொருளின் என்.எம்.ஆர். நிறமாலையில் 9.77 பி.பி.எம். இடத்தில் வெனிலினின் ஆல்டிஹைடு குறி இருந்தது. 6.36 இடத்தில் ஃபெருலிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன், இரட்டைப் பிளவாக. இரண்டின் பரப்பும் ஒன்றுக்கு நான்கு. அப்படியென்றால் திடப்பொருளில் ஏறக்குறைய 0.039 மோல் ஃபெருலிக் அமிலமும் 0.010 மோல் வெனிலினும் இருக்கின்றன. தொடங்கியது 0.1 மோல், பாதிக்கும் மேல் இன்னும் கணக்கில் வரவில்லை.

வடிகட்டிய நீரை எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்தபோது 4.3 கிராம் பழுப்பு எண்ணெய் வந்தது. அதன் நிறமாலையில் 5.1, 5.6, 6.6 பி.பி.எம். இடங்களில் வினைல் தொகுதியின் மூன்று ஹைட்ரஜன்களும் தெளிவாகத் தெரிந்தன. வினைல்குவாயகாலும் வெனிலினும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். அது 0.021 மோல் வினைல்குவாயகால், 0.007 மோல் வெனிலின். மீதி குடுவையின் சுவரில் ஒட்டிய பிசின். வினைல்குவாயகால் ஒரு ஸ்டைரீன், சூட்டில் பாலிமராகிப் போவது அதற்கு இயல்பு. எடுத்த வெனிலினில் ஆறில் ஒரு பங்கு வினையே புரியவில்லை, அதைவிடக் கூடுதலான பங்கு வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டும் ஒரே குடுவையில்.

வினை முடியாமலே குமிழ் நின்றது எப்படி? கார்பன் டை ஆக்சைடு இங்கே மூன்று வழிகளில் வருகிறது: இருஅமிலத்திலிருந்து, ஃபெருலிக் அமிலத்திலிருந்து, யாரோடும் சேராத மலோனிக் அமிலத்திலிருந்தும். சூடான பிரிடினில் மலோனிக் அமிலம் தானாகவே அசிட்டிக் அமிலமாகச் சிதைந்துவிடும். வெனிலின் மந்தமாக இருக்க, மலோனிக் அமிலம் பொறுமையில்லாமல் தீர்ந்துபோனது. குமிழ் நின்றது மலோனிக் அமிலம் முடிந்ததைச் சொன்னதே தவிர வெனிலின் முடிந்ததை அல்ல. அதற்குமேல் கொதிக்கவைத்தால் வெனிலின் குறையாது, ஃபெருலிக் அமிலம்தான் குறையும். குமிழை வைத்து முடிவு சொல்லும் செய்முறைகளை நான் இந்தக் காரணத்தால் நம்புவதில்லை. கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் பொட்டுகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் ஒரு பொட்டு வைத்து, 2,4-டைநைட்ரோஃபினைல்ஹைட்ரசின் கரைசலில் நனைத்தால் வெனிலின் ஆரஞ்சு நிறம் காட்டும், ஃபெருலிக் அமிலம் காட்டாது. ஐந்து நிமிட வேலை.

OH தான் காரணம் என்பதை உறுதிசெய்ய, அதே நிபந்தனையில் வெரட்ரால்டிஹைடை வைத்தோம். வெனிலினின் OH மீது ஒரு மெத்தில் தொகுதியை மாட்டினால் கிடைப்பது அது. மற்றபடி மூலக்கூறு ஒன்றே. 16.6 கிராம் வெரட்ரால்டிஹைடு, அதே மலோனிக் அமிலம், அதே பிரிடின், அதே பிப்பெரிடின், அதே ரிஃப்ளக்ஸ் இரண்டு மணி நேரம். அமிலத்தில் ஊற்றியதும் வெளிறிய படிகங்கள் வீழ்ந்தன. 3,4-டைமெத்தாக்சிசின்னமிக் அமிலம் 17.9 கிராம், விளைச்சல் 86 விழுக்காடு. டி.எல்.சி.யில் ஆல்டிஹைடு இல்லை, கிராம்பு வாசனையும் இல்லை. ஃபீனாக்சைடு ஆக முடியாததால் முதல் படி விரைவாக முடிந்தது. குயினோன் மெத்தைடு ஆக முடியாததால் கடைசிப் படி நடக்கவே இல்லை.

இரண்டாம் வெனிலின் தொகுதிக்கு அளவுகளை மாற்றவில்லை, வெப்பத்தை மட்டும் மாற்றினோம். பழைய செய்முறைகளில் இந்தக் கலவையை அறை வெப்பநிலையில் மூன்று வாரம் மூடிவைக்கச் சொல்வார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் மேலே சொன்ன காரணங்களைப் பார்த்தபின் அது சோம்பலில் எழுதியதல்ல என்று புரிகிறது. எங்களால் அத்தனை நாள் காத்திருக்க முடியாது என்பதால் 55 முதல் 60 டிகிரிக்குள் எண்ணெய்க் குளியலில் ஒரு முழு நாள் வைத்தோம். இந்த வெப்பத்தில் மலோனிக் அமிலம் மெதுவாகத்தான் சிதைகிறது, வெனிலினுக்கு நேரம் கிடைக்கிறது. டி.எல்.சி.யில் ஆரஞ்சுப் பொட்டு மங்கியபோது, தொடக்கக் கோட்டை ஒட்டி ஓர் இழுவல் தெரிந்தது. அது இன்னும் கார்பன் டை ஆக்சைடு விடாத இருஅமிலம். அதற்காக மட்டும் கடைசியில் 85 டிகிரிக்கு ஏற்றி இருபது நிமிடம் வைத்தோம். இழுவல் மறைந்ததும் உடனே பனியில் இறக்கினோம். முதல் கார்பன் டை ஆக்சைடு போக இந்தச் சூடு போதும். இரண்டாவது போவதற்கு இந்த அவகாசம் பற்றாது.

அடுத்துவரும் பிரித்தெடுப்பில் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது, அமிலத்தின் அளவு. 50 மி.லி. பிரிடின் என்பது 0.62 மோல் காரம். அதை நடுநிலையாக்கவே அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 52 மி.லி. வேண்டும். கையளவு பார்த்து 30 மி.லி. ஊற்றினால் பிரிடினும் அதன் உப்பும் சேர்ந்து பி.எச். 5 அருகே ஒரு தாங்கல் கரைசலாக நின்றுவிடும். ஃபெருலிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.6, அந்த பி.எச்.சில் அதில் பெரும்பங்கு உப்பாகக் கரைந்தே கிடக்கும், மிச்சமுள்ள பிரிடினும் அதைக் கரைத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த்துளி மட்டும் தெரியும், விளைச்சல் இல்லையென்று தோன்றும். நாங்கள் 65 மி.லி. எடுத்து, பனிக்கட்டியோடு கலக்கி, அதில் வினைக்கலவையை மெல்ல ஊற்றினோம். பி.எச். தாளில் 2க்குக் கீழே இருப்பதைப் பார்த்தபின்தான் வடிகட்டினோம்.

இரண்டாவது குழி பாடப்புத்தகப் பழக்கத்திலிருந்து வருவது. ஆல்டிஹைடையும் கார்பாக்சிலிக் அமிலத்தையும் பிரிக்க சோடியம் பைகார்பனேட்டில் கலக்கு, அமிலம் நீரில் போகும், ஆல்டிஹைடு கரைப்பானில் தங்கும் என்பது மனப்பாடம். வெனிலினில் இது பலிக்காது. பைகார்பனேட் கரைசலின் பி.எச். சுமார் 8.3. வெனிலினின் பி.கே.ஏ. 7.4 என்பதால் பத்தில் ஒன்பது பங்கு வெனிலினும் உப்பாகி அமிலத்தோடு கைகோத்து நீருக்குள் போய்விடும். பிறகு அமிலமாக்கினால் இரண்டும் சேர்ந்தே விழும். பி.எச்.சை 6.3 அளவில் பிடித்துக்கொண்டால் கதை மாறும்: ஃபெருலிக் அமிலம் 98 விழுக்காடு உப்பாக இருக்கும், வெனிலின் 7 விழுக்காடுதான். அப்போது எத்தில் அசிட்டேட்டில் இரண்டுமுறை கலக்கினால் வெனிலினும், இருந்தால் வினைல்குவாயகாலும் மேலே போய்விடும். முதல் தொகுதியின் 9.1 கிராமை இந்த வழியில்தான் மீட்டோம். இரண்டாம் தொகுதிக்கு இது தேவைப்படவில்லை. வெந்நீரில் ஒருமுறை மறுபடிகமாக்கியதே போதுமாக இருந்தது.

மறுபடிகமாக்கும்போதும் நீண்ட நேரம் கொதிக்கவிடாமல், கரைந்ததும் இறக்கி, மூடிவைத்து மெல்லக் குளிரவிட்டோம். கிடைத்தது 13.6 கிராம், விளைச்சல் 70 விழுக்காடு. உருகுநிலை 169–171 டிகிரி. நிறமாலையில் 7.49, 6.36 இரண்டு குறிகளின் பிளவும் 15.9 ஹெர்ட்ஸ். அந்த எண் இரட்டைப் பிணைப்பின் இருபக்க ஹைட்ரஜன்களும் எதிரெதிரே இருப்பதைச் சொல்கிறது. சிஸ் வடிவமாக இருந்தால் 13 அளவில் நின்றிருக்கும். ஒளிபட்டால் ஒரு பங்கு சிஸ் வடிவத்துக்கு மாறும் என்பதால் பழுப்புப் புட்டியில் போட்டு அலமாரிக்குள் வைத்தோம். அகச்சிவப்பு நிறமாலையை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: வெனிலினின் கார்பனைல் 1665 அருகே, ஃபெருலிக் அமிலத்தினுடையது 1690 அருகே, கலவையில் ஒன்றோடொன்று கலந்து ஏமாற்றும்.

இந்தக் கணக்கு வெனிலினோடு முடிவதில்லை. பாரா இடத்தில் கட்டற்ற OH உள்ள எந்த ஆல்டிஹைடுக்கும் இது பொருந்தும்: 4-ஹைட்ராக்சிபென்சால்டிஹைடு, சிரிங்கால்டிஹைடு எல்லாமே. OH மெட்டா இடத்தில் இருந்தால் குயினோன் மெத்தைடு உருவாக வழியில்லை, பயமில்லாமல் சூடாக்கலாம். ஆர்த்தோ இடத்தில் இருந்தால் பிரச்சினை வேறு: சாலிசிலால்டிஹைடில் உருவாகும் பொருளின் OH பக்கத்திலுள்ள கார்பாக்சிலைப் பிடித்து வளையமிட்டுக் கூமரின் வகைக்குப் போய்விடும். அவசரம் இருந்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்தவும் வசதியில்லையென்றால், வெனிலினின் OH மீது முதலில் அசிட்டைல் தொகுதியை ஏற்றிவிட்டு வினையைச் செய்து, பின் நீராற்பகுக்கலாம். இரண்டு படி கூடும்; நானாக இருந்தால் ஒரு நாள் பொறுத்திருப்பேன்.

அந்தக் கிராம்பு வாசனைதான் வேண்டும் என்பவர்களும் உண்டு, அது விலைபோகும் நறுமணப்பொருள். இமாச்சலப் பிரதேசம் பாலம்பூரில் உள்ள ஆய்வுக்குழுவினர் பிரிடினை விட்டுவிட்டு, பிப்பெரிடினையும் அசிட்டிக் அமிலத்தையும் வைத்து மைக்ரோவேவில் சூடேற்றி, ஹைட்ராக்சி ஆல்டிஹைடுகளிலிருந்து வினைல்ஃபீனால்களை நேரடியாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் முதல் தொகுதி அரைகுறையாகச் செய்ததை அவர்கள் வேண்டுமென்றே, முழுமையாகச் செய்தார்கள்.